பொருள்: ஏழாவது விரிவுரைக் கோப்பை மீண்டும் பதிவேற்ற வேண்டுதல்

இயற்பியல் துறை அலுவலகத்துக்கு,

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். வெப்ப இயக்கவியல் பாடப் பக்கத்தில் Lecture_07.pdf இணைப்பை அழுத்தினால் 404 Not Found என்று வருகிறது. போன வாரம் வரை திறந்தது. கைப்பேசி, ஆய்வகக் கணினி இரண்டிலும் பார்த்துவிட்டேன். ஆறாவது, எட்டாவது கோப்புகள் சரியாகத் திறக்கின்றன. ஆகவே கோப்பு தவறுதலாக நீங்கியிருக்கலாம்.

கார்னோ சுழற்சியிலிருந்து கிளாசியஸ் சமனின்மையை வருவிக்கும் பகுதி அதில்தான் உள்ளது. எட்டாவது விரிவுரை அதைத் தெரிந்ததாக வைத்துக்கொண்டு நேராக என்ட்ரோபிக்குப் போய்விடுகிறது. பாடநூலிலும் வருவிப்பு உண்டு. ஆனால் வேலைக்கு அதில் எடுத்துக்கொண்ட கூட்டல், கழித்தல் குறி வகுப்பில் சொன்னதற்கு நேர்மாறு. இரண்டையும் கலந்து படித்தால் குழப்பம்தான் மிஞ்சும்.

வரும் வெள்ளிக்கிழமை உள்மதிப்பீட்டுத் தேர்வு என்பதால், புதன்கிழமைக்குள் மீண்டும் பதிவேற்றித் தந்தால் பெரிய உதவியாக இருக்கும். அதற்குள் முடியாவிட்டால் என் கல்லூரி மின்னஞ்சலுக்கு அனுப்பினாலும் போதும். வகுப்பில் எல்லோருக்கும் நானே சேர்த்துவிடுகிறேன். அவர்களும் இதைத்தான் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

மிக்க நன்றி.

இப்படிக்கு,
வருகை எண் 27,
இளநிலை இயற்பியல், இரண்டாம் ஆண்டு, ஆ பிரிவு