டேட்டாபேஸ் இன்ஜினியர் வேலை: இளங்கோ சாரிடம் ஒரு அறிமுகம்

முதல் மெயில் (கயல் அக்காவுக்கு மட்டும்)

கயல் அக்கா,

நலமா? பேசி நாலு மாதம் ஆகிவிட்டது. இத்தனை நாள் கழித்து ஒரு உதவி கேட்டு வருகிறேன்.

உங்கள் நிறுவனத்தில் டேட்டாபேஸ் இன்ஜினியர் ஒருவரை எடுக்கப்போவதாக நேற்று லிங்க்ட்இன்னில் பார்த்தேன். அறிவிப்பைப் போட்டிருந்தவர் இளங்கோ சார். போன வருடம் வரை நீங்கள் அவர் டீமில்தான் இருந்தீர்கள் என்பது உடனே நினைவுக்கு வந்தது. என்னை அவருக்கு அறிமுகப்படுத்த முடியுமா அக்கா?

அவருக்கு அனுப்ப வேண்டியதைத் தனி மெயிலாக எழுதியிருக்கிறேன், இதற்கு அடுத்ததாக வரும். அதில் வீட்டுப் பேச்சு எதுவும் இல்லை, ரெஸ்யூமேயும் அதிலேயே இருக்கிறது. எதையும் வெட்டி ஒட்ட வேண்டாம், அப்படியே ஃபார்வர்ட் செய்தால் போதும். மேலே ஒரு வரி உங்கள் சொல்லில் இருந்தால் நல்லது. அதில் நீங்கள் கண்ணால் பார்த்ததை மட்டும் சொல்லுங்கள். மூன்று வருடம் பக்கத்து சீட்டில் இருந்தோம். நான் எப்படி வேலை பார்ப்பேன், எங்கே தடுமாறுவேன் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். நீங்கள் போன பிறகு நான் செய்ததற்கு நீங்கள் பொறுப்பேற்க வேண்டாம்.

முடிந்தால் முதலில் அவரிடம் வாய் வார்த்தையாகக் கேட்டுவிடுங்கள்: "எனக்குத் தெரிந்த ஒரு பெண் இருக்கிறாள், மெயில் அனுப்பட்டுமா?" என்று. அவர் சரி என்றால் அனுப்புங்கள். வேண்டாம் என்றால் அதோடு விட்டுவிடலாம், உங்களுக்கும் அவருக்கும் சங்கடம் இருக்காது.

அப்புறம் ஒரு விஷயம். உங்கள் வெப்சைட்டில் நான் இன்னும் விண்ணப்பிக்கவில்லை. சில இடங்களில் நாமே விண்ணப்பித்துவிட்டால் அதற்குப் பிறகு உள்ளே இருப்பவர்கள் ரெஃபரல் போட முடியாது. உங்கள் இடத்தில் எப்படி என்று எனக்குத் தெரியாது, அதனால் காத்திருக்கிறேன். கடைசித் தேதி 21. நீங்கள் 17-க்குள் ஒரு வார்த்தை சொன்னால், எப்படியானாலும் நான் நேரத்துக்குள் விண்ணப்பித்துவிடுவேன்.

நான் வேலை தேடுவது என் இப்போதைய ஆபீஸில் யாருக்கும் தெரியாது. அங்கே யாரிடமும் விசாரிக்க வேண்டாம் என்று இளங்கோ சாரிடம் சொல்லிவிடுங்கள். அவரே கேட்டால் மட்டும் இன்னொன்றும் சொல்லலாம்: நான் சண்டை போட்டுக்கொண்டு கிளம்பவில்லை. டேட்டாபேஸ் வேலை என் நாளில் பாதிதான் இருக்கிறது, மீதி நேரம் ஸ்கிரீன் மாற்றங்களில் போகிறது. நாள் முழுக்க டேட்டாபேஸோடு இருக்க வேண்டும் என்று ஆறு வருடமாக ஆசை. இந்த அறிவிப்பைப் படித்தபோது எனக்காகவே எழுதியது போல இருந்தது.

அவரோடு இப்போது அவ்வளவு பழக்கம் இல்லை என்றாலோ, நான் இந்த வேலைக்குச் சரிவர மாட்டேன் என்று தோன்றினாலோ, தயங்காமல் சொல்லுங்கள். "இது வேண்டாம் நித்யா" என்று ஒரு வரி போதும். காரணம் கேட்க மாட்டேன். நம் பழக்கத்தில் அதனால் ஒரு குறையும் வராது.

அன்புடன்,
நித்யா


இரண்டாவது மெயில் (ஃபார்வர்ட் செய்ய)

பொருள்: டேட்டாபேஸ் இன்ஜினியர் பணி – நித்யா, 6 வருட அனுபவம், மைஎஸ்க்யூஎல்

கயல் அக்கா,

உங்கள் நிறுவனத்தில் இளங்கோ சார் டீமில் வந்திருக்கும் டேட்டாபேஸ் இன்ஜினியர் பணி குறித்து எழுதுகிறேன். அவருக்கு விருப்பம் இருந்தால், இந்த வேலை பற்றி அவரிடம் இருபது நிமிடம் போனில் பேச விரும்புகிறேன்.

ஆறு வருடமாக பேக்எண்ட் டெவலப்பராக இருக்கிறேன். கடைசி நான்கு வருடம் எங்கள் டீமின் மைஎஸ்க்யூஎல் பொறுப்பும் என்னிடம்தான்: பேக்கப், ரெப்ளிகேஷன், மெதுவாக ஓடும் குவெரிகள், வெர்ஷன் மாற்றம். அறிவிப்பில் வெர்ஷன் மாற்றத்தில் நேரடி அனுபவம் வேண்டும் என்று இருந்தது. அதைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

மைஎஸ்க்யூஎல் 5.7-க்கான ஆதரவு அக்டோபர் 2023-ல் முடிந்தது. அதற்கு முன்பே எங்கள் டேட்டாபேஸை 8.0-க்கு மாற்றினோம், திட்டமிட்டதும் நடத்தியதும் நான். முதலில் ஒரு ரெப்ளிகாவை மாற்றி, இரண்டு வாரம் படிக்கும் வேலையை மட்டும் அதற்குக் கொடுத்துப் பார்த்து, அப்புறம்தான் முதன்மை சர்வருக்குப் போனோம். மாற்றிய இரவில் ஒன்றும் ஆகவில்லை. தவறு அடுத்த வாரம் வந்தது, அது என்னுடையது. ரிப்போர்ட்டுகளுக்காகப் புதிதாக ஒரு ஸ்கீமா உருவாக்கினேன், கொலேஷனைக் குறிப்பிட மறந்துவிட்டேன். 8.0 தன் இயல்பான கொலேஷனை எடுத்துக்கொண்டது. பழைய டேபிள்கள் வேறொன்றில் இருந்தன. அன்றிரவு இரண்டையும் ஜாயின் செய்த ரிப்போர்ட் இப்படி நின்றது:

```
ERROR 1267 (HY000): Illegal mix of collations
(utf8mb4_general_ci,IMPLICIT) and
(utf8mb4_0900_ai_ci,IMPLICIT) for operation '='
```

குவெரியில் `COLLATE` சேர்த்து அப்போதைக்குத் தப்பித்திருக்கலாம். அப்படிச் செய்தால் ஜாயின் இண்டெக்ஸைப் பயன்படுத்தாமல் போகும் வாய்ப்பு உண்டு. அடுத்து எழுதும் ஒவ்வொரு குவெரியிலும் அதை நினைவில் வைத்திருக்கவும் வேண்டும். புதிய டேபிள்கள் சிறியவை என்பதால் அவற்றையே பழைய கொலேஷனுக்கு மாற்றினேன். இரண்டு மணி நேரத்தில் ரிப்போர்ட் போனது. மறுநாள், `information_schema.columns`-ஐப் பார்த்து வேறு கொலேஷனில் ஏதாவது நெடுவரிசை இருந்தால் டிப்ளாய்மென்ட்டை நிறுத்தும் ஒரு சோதனையை எழுதிச் சேர்த்தேன். அது இன்றும் ஓடுகிறது. அதற்குப் பிறகு இதே தவறை இரண்டு முறை, டெவலப்பர் கையைத் தாண்டுவதற்கு முன்பே பிடித்திருக்கிறது.

குவெரி வேலையில் ஒரு சின்ன உதாரணம்: நாற்பது நிமிடம் ஓடிய தினசரி ரிப்போர்ட் ஒன்றில் `WHERE DATE(created_at) = ...` என்று இருந்தது. `EXPLAIN` பார்த்தால் முழு டேபிளையும் படித்துக்கொண்டிருந்தது. அதைத் தொடக்க நேரம், முடிவு நேரம் என்று வரம்பாக மாற்றியதும் இண்டெக்ஸ் வேலை செய்தது. மூன்று நிமிடத்தில் முடிந்தது.

போஸ்ட்கிரெஸ் எனக்குப் படித்த அளவில்தான் தெரியும், பெரிய சிஸ்டத்தில் நடத்தியதில்லை. அறிவிப்பில் அதை "இருந்தால் நல்லது" என்று போட்டிருந்தார்கள். வேலைக்கு அது முதல் நாளிலிருந்தே வேண்டும் என்றால் இளங்கோ சார் இப்போதே சொல்லிவிடட்டும், அவர் நேரம் வீணாக வேண்டாம்.

நோட்டீஸ் பீரியட் 60 நாள். வார நாட்களில் மாலை 6.30-க்கு மேல் எப்போதும் பேசலாம், காலையில் என்றால் 9-க்கு முன். ரெஸ்யூமே இணைப்பில் இருக்கிறது, இரண்டு பக்கம். போன் நம்பர் அதன் மேல் வரியில். அவர் எனக்கு நேரடியாகவே பதில் எழுதலாம், நீங்கள் நடுவில் இருந்து அலைய வேண்டாம். இப்போதைய அலுவலகத்துக்குத் தெரியாமல் முயற்சி செய்வதால், அங்கே விசாரிப்பதாக இருந்தால் முதலில் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளும்படி வேண்டுகிறேன்.

நன்றி அக்கா.

நித்யா