கூர்ப்புப் பாடமும் வகுப்பறை மௌனமும்

கல்முனையில் ஒரு பிரத்தியேக வகுப்பில் உயர்தர உயிரியல் படிப்பித்தபோது, உயிரினங்கள் தலைமுறை தலைமுறையாக மாறிவந்ததைச் சொல்லும் கூர்ப்பு அலகைத் தொடங்கிய அன்றே ஒரு மாணவன் கேட்டான்: "சேர், அப்ப ஆதம் நபி?" பக்கத்து வாங்கில் இருந்த கத்தோலிக்கப் பிள்ளையும் நிமிர்ந்து பார்த்தாள். "சோதனைக்கு எழுதுங்கோ, நம்புறது உங்கட விருப்பம்" என்று சொல்லிவிட்டுப் பக்கத்தைப் புரட்டினேன். அது பிழை. விஞ்ஞானம் என்பது எழுதிப் புள்ளி வாங்குவதற்கு மட்டும்தான் என்று அன்று நானே சொல்லிக்கொடுத்துவிட்டேன்.

வேறு நாடுகளில் இந்தச் சண்டை வெளிப்படையாக நடந்தது. அமெரிக்காவின் டென்னசியில் 1925இல் கூர்ப்பைப் படிப்பித்ததற்காக ஸ்கோப்ஸ் என்ற ஆசிரியருக்கு 100 டொலர் அபராதம் விதித்தார்கள். படைப்புக் கொள்கைக்கும் சம இடம் கொடுக்கவேண்டும் என்ற லூசியானாச் சட்டத்தை உச்ச நீதிமன்றம் 1987இல் தள்ளுபடி செய்தது. பென்சில்வேனியாவின் டோவரில், கூர்ப்பைச் சந்தேகிக்கச் சொல்லும் அறிக்கையை வகுப்பில் வாசிக்க விஞ்ஞான ஆசிரியர்களே மறுத்தார்கள். அந்த அறிக்கைக்கு எதிரான வழக்கில் 2005இல் தீர்ப்பும் அவர்கள் பக்கமே வந்தது. இந்தியாவில் பத்தாம் வகுப்புப் பாடநூலிலிருந்து கூர்ப்புப் பகுதி எடுக்கப்பட்டது 2023இல்தான்.

மட்டக்களப்பு, அம்பாறையில் இதற்காக யாரும் வழக்குப் போட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை. சமயம் சாதாரண தரம் வரை கட்டாய பாடம். கூர்ப்பு உயர்தர உயிரியலில் இருக்கிறது. இரண்டையும் படிக்கும் பிள்ளை இரண்டுக்கும் நடுவே தனியாக நிற்கிறது. அதனோடு பேச ஆளில்லை.

சைவப் பிள்ளைகளுக்குச் சிக்கலில்லை என்பார்கள். மீன், ஆமை, பன்றி என்று தசாவதாரத்திலேயே கூர்ப்பு இருக்கிறதாம். எனக்கு இதுவும் கவலைதான். இயற்கைத் தேர்வில் முன்கூட்டிய திட்டம் எதுவும் இல்லை, வரிசையாக ஏறிப்போகும் படியும் இல்லை. எதிர்ப்பவரைப் போலவே இப்படி அணைப்பவரும் பாடத்தைத் தவறவிடுகிறார்.

சம்மாந்துறை வயலுக்குப் போங்கள். ஒரே களைகொல்லியைப் போகத்துக்குப் போகம் அடித்தால் நெற்சப்பிக் களையில் பெரும்பங்கு செத்துவிடும். மருந்தைத் தாங்கக்கூடிய ஒன்றிரண்டு தப்பி விதை போடும். சில வருடத்தில் வயல் முழுக்க அவற்றின் பிள்ளைகள்தான். "மருந்து இப்ப பிடிக்குதில்ல" என்று விவசாயி சொல்வதற்கு உயிரியலில் இயற்கைத் தேர்வு என்று பெயர். இதை விளங்கிக்கொள்ள ஒரு பிள்ளை தன் மார்க்கத்தை விடவேண்டியதில்லை.

ஆகவே கொள்கை வகுப்பவர்களிடம் நான் கேட்பது சமயப் பாடத்தைக் குறைப்பதை அல்ல, விஞ்ஞான வகுப்பில் அதற்குச் சம நேரம் ஒதுக்குவதையும் அல்ல. ஆசிரியர் பயிற்சியில் ஒரு நாளை இதற்காகவே ஒதுக்குங்கள். ஆதம் நபி பற்றிய கேள்வி வரும்போது முகம் சுளிக்காமல், "விஞ்ஞானம் சான்று இருக்கும் இடம் வரைதான் பேசும், வா, அந்தச் சான்றைப் பார்ப்போம்" என்று சொல்லப் பழக்குங்கள். அந்த ஒரு வசனம் அன்று என் வாயில் வரவில்லை.