மாதிரி அலுவலகக் குறிப்பு: பவுசர் நீர் விநியோகத்துக்கு எட்டுத் தாங்கிகள்

கோவை இல: மமே/அமு/07/2024
குறிப்புத் தாள்

பிரதேச செயலாளர், மண்முனை மேற்கு
கணக்காளர், உதவிப் பிரதேச செயலாளர் ஊடாக

1. நெடியமடு, பாவற்கொடிச்சேனை, ஆயித்தியமலை ஆகிய இடங்களில் கிணறு வற்றிய 186 குடும்பங்களுக்காக 1,000 லீற்றர் பிளாஸ்டிக் தாங்கிகள் எட்டினைப் பொருத்த ரூபா 396,000 செலவிடுவதற்குத் தங்களது அங்கீகாரம் கோரப்படுகிறது.

2. கிராம உத்தியோகத்தர்களின் அறிக்கைகள் ப.3 - 5 இல் உள்ளன. பிரதேச சபையின் 4,000 லீற்றர் பவுசர் நாளுக்கு இரண்டு நடை ஓட வேண்டும். வீட்டுக்கு வீடு நிறுத்திக் குடமும் பரலும் நிரப்புவதால் ஒரு நடைக்கே நான்கு மணித்தியாலம் போகிறது, பின்னேர நடை பெரும்பாலும் விடுபடுகிறது (ஓட்டப் பதிவேட்டின் பிரதி ப.8). ஆகவே குறை தண்ணீரில் இல்லை, இறக்கும் நேரத்தில்தான் உள்ளது.

3. குடும்பத்துக்கு நாளொன்றுக்கு 40 லீற்றர் வீதம் 7,440 லீற்றர் தேவை. எட்டுத் தாங்கிகளும் இரண்டு நடையில் நிரம்பும். தாங்கியொன்று நிரம்பினால் ஒரு தொன்னுக்கு மேல் பாரம், சென்ற வருடம் மண்மூட்டை மேல் வைத்தவை சரிந்து குழாய் முறிந்தன (ப.9). இம்முறை 4½ அடிச் சதுரத்தில், 2½ அடி உயரத்தில் கல் கட்டு முன்மொழியப்படுகிறது.

4. செலவு: தாங்கி 26,500, கட்டு 18,000, குழாய் வேலை 3,200, அலகுக்கு 47,700, எட்டுக்கு 381,600. ஏற்றுக்கூலி 14,400. மூன்று விலைமனுக்கள் ப.11 - 13. வீதித் திருத்த வேலையில் மிஞ்சிய ரூபா 412,000 இலிருந்து செலவிடலாம்.

5. மாற்றுவழி: இரண்டாவது பவுசரை வாடகைக்கு எடுத்தல். நாளுக்கு ரூபா 14,000 வீதம் 75 நாளுக்கு ரூபா 1,050,000. மாரி தொடங்கியதும் கையில் எதுவும் மிஞ்சாது. சிபாரிசு செய்யப்படவில்லை.

6. ஆறு இடங்கள் அரச காணி. பாடசாலை வளவுக்கு வலயக் கல்விப் பணிப்பாளரின் சம்மதம் கிடைத்துள்ளது (ப.14). கோயில் வளவுக்குப் பரிபாலன சபையின் கடிதம் இன்னும் வரவில்லை.

பந்தி 1 இன்படி அங்கீகாரத்துக்காகச் சமர்ப்பிக்கப்படுகிறது.

விடய உத்தியோகத்தர், 02.07.2024

கணக்காளர்:
7. பந்தி 4 ஐப் பார்க்க. ப.11 இன் விலை குறைந்ததாகத் தெரிந்தாலும் ஏற்றுக்கூலி அதில் சேரவில்லை. எட்டுக்கு 212,000, கூலியுடன் 226,400. ப.12 இன் விலை 27,900. இடத்தில் கொண்டுவந்து இறக்கித் தருகிறார்கள், மொத்தம் 223,200. எனவே ப.12 ஐச் சிபாரிசு செய்கிறேன். கட்டும் குழாய் வேலையும் 169,600. சரியான மொத்தம் ரூபா 392,800. இவ்விலை 19.07.2024 வரை மட்டுமே செல்லும்.

8. மிச்சப் பணம் வீதிக்காக வந்தது. வேறு வேலைக்கு மாற்ற மாவட்டச் செயலாளரின் அனுமதி எழுத்தில் வேண்டும். அதுவரை கொள்வனவுக் கட்டளை அனுப்பக்கூடாது. நிதிப் பிரமாணம் 94(1) பார்க்க. "பணம் இருக்கிறது" என்பது ஒதுக்கீடு இருக்கிறது என்பதாகாது.

9. பந்தி 4 ஐ வெட்டித் திருத்த வேண்டாம். கையொப்பமிட்ட குறிப்பு அப்படியே இருக்கட்டும். திருத்தம் பந்தி 7 இல் உள்ளது.

கணக்காளர், 03.07.2024

உதவிப் பிரதேச செயலாளர்:
10. விடய உத்தியோகத்தர்: கட்டும் தாங்கியும் சேர்ந்தால் வாய் ஏறத்தாழ ஏழு அடியில் நிற்கும். பவுசரின் வாய் மூன்று அடியில். தண்ணீர் தானாக ஏறாது. பம்பு யாருடையது, எரிபொருள் யார் தருவது? பேசி எழுதவும்.

உ.பி.செ., 03.07.2024

11. பிரதேச சபைச் செயலாளரின் கடிதம் ப.16. இரண்டு அங்குலப் பெற்றோல் பம்பும் எரிபொருளும் சபை தரும். கோயில் பரிபாலன சபையின் சம்மதம் ப.17.

விடய உத்தியோகத்தர், 05.07.2024

12. பந்தி 7, 11 இன்படி சிபாரிசு செய்கிறேன். தாங்கிகளை மாதமொருமுறை கழுவுவதும் குளோரின் பார்ப்பதும் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு எழுதப்பட வேண்டும். இல்லாவிட்டால் இரண்டாம் மாதமே பாசி படியும்.

உ.பி.செ., 05.07.2024

பிரதேச செயலாளர்:
13. மாவட்டச் செயலாளரின் அனுமதிக்கு உட்பட்டு ரூபா 392,800 அங்கீகரிக்கப்படுகிறது. கடிதத்தை இன்றே வரைந்து தரவும். தாங்கிகளைப் பொருட் பதிவேட்டில் ஏற்றிய பின்பே பிரதேச சபைக்குக் கையளிக்க வேண்டும். பந்தி 12 க்கும் உடன்படுகிறேன்.

பி.செ., 08.07.2024

14. வரைவுக் கடிதங்கள் இரண்டு (ப.18, 19) கையொப்பத்துக்காக. விலை முடியும் திகதி கருதி கோவை 12.07.2024 இல் மீளச் சமர்ப்பிக்கப்படும்.

விடய உத்தியோகத்தர், 08.07.2024