பொருள்: மழைநீர் சேகரிப்புச் சீரமைப்பு: ஆகஸ்ட் 9 கூட்ட முடிவுகளும் பொறுப்புகளும்

மதிப்பிற்குரிய ஒப்பந்ததாரர் அவர்களுக்கும் ஆலோசனைப் பொறியாளர் அவர்களுக்கும் வணக்கம்.

பெசன்ட் நகரில் உள்ள எங்கள் குடியிருப்பில் 9.8.2025 சனிக்கிழமை காலை நடைபெற்ற கூட்டத்திற்கு இருவரும் நேரம் ஒதுக்கி வந்தமைக்கு நன்றி. அன்று பேசி முடிவானவற்றைக் கீழே பதிவு செய்கிறேன்.

நான்கு உறைகிணறுகளையும் தூர்வாரி, வடிகட்டித் தொட்டிகளில் உள்ள பழைய மணலையும் கூழாங்கல்லையும் அகற்றிப் புதிதாக நிரப்பும் பணியை ஒப்பந்ததாரர் 1,80,000 ரூபாய்க்குச் செய்து தருகிறார். இத்தொகையில் ஜிஎஸ்டி அடங்குமா என்பது கூட்டத்தில் தெளிவாகவில்லை. ஆகவே வரியைத் தனியாகக் காட்டிய திருத்திய விலைப்புள்ளியை ஆகஸ்ட் 18 திங்கட்கிழமைக்குள் அனுப்பி வைக்க வேண்டுகிறோம். அது கிடைத்த மூன்று நாட்களுக்குள் 54,000 ரூபாயை முன்பணமாக எங்கள் பொருளாளர் வங்கி வழியாகச் செலுத்துவார்.

இரண்டாம் கிணற்றின் மூடியைத் திறந்தபோது சிமெண்ட் பாலும் உடைந்த டைல்ஸ் துண்டுகளும் அடைத்திருந்ததையும், பி பிளாக் வடிகட்டித் தொட்டியில் சோப்பு நுரை மிதந்ததையும் அனைவரும் பார்த்தோம். நுரைக்குக் காரணம், ஒரு வீட்டின் வாஷிங் மெஷின் குழாய் மழைநீர்க் குழாயோடு இணைக்கப்பட்டிருப்பதே. இது எங்கள் தரப்புக் குறை. அந்த இணைப்பை ஆகஸ்ட் 23-க்குள் துண்டித்து, படத்துடன் தெரிவிப்பது என் பொறுப்பு. சோப்புத் தண்ணீர் இறங்கிக்கொண்டிருக்கும் வரை தூர்வாரிப் பயனில்லை என்று பொறியாளர் சொன்னதை ஏற்று, இது முடிந்த பிறகே பணி தொடங்கும் என முடிவு செய்துள்ளோம்.

பணி செப்டம்பர் 1 அன்று தொடங்கி 20 அன்று முடிய வேண்டும். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிடும் என்பதாலும், ஆயுத பூஜையை ஒட்டி ஆட்கள் ஊருக்குப் போய்விடுவார்கள் என்று ஒப்பந்ததாரரே கூறியதாலும், இத்தேதியைத் தள்ளிப்போட இயலாது. கிணற்றுக்குள் ஆள் இறங்கும் நாட்களில் பாதுகாப்புக் கயிறும், மேலே இன்னொருவரும் இருப்பதை ஒப்பந்ததாரர் உறுதி செய்வார். இதில் எந்த விலக்கும் இல்லை.

செப்டம்பர் 21 ஞாயிறு காலை 7 மணிக்குப் பொறியாளர் முன்னிலையில் ஒவ்வொரு கிணற்றிலும் லாரித் தண்ணீரை விட்டு, மட்டம் எவ்வளவு நேரத்தில் இறங்குகிறது என்று அளந்து பார்ப்போம். லாரிச் செலவு சங்கத்தைச் சேர்ந்தது. பொறியாளர் தமது அறிக்கையைச் செப்டம்பர் 24-க்குள் தருவார். அதில் பணி நிறைவு என்று அவர் குறிப்பிட்டதிலிருந்து ஏழு நாட்களில் மீதித் தொகை வழங்கப்படும்.

மொட்டை மாடியில் குளிர் ஓடு பதிப்பது குறித்துப் பேசினாலும் முடிவு எடுக்கவில்லை. இவ்வொப்பந்தத்தில் அது சேராது.

மேற்கண்டவற்றில் திருத்தம் இருப்பின் ஆகஸ்ட் 13 புதன் மாலைக்குள் இம்மின்னஞ்சலுக்கே பதில் எழுதுங்கள். பதில் வராவிட்டால் இவற்றை இரு தரப்பும் ஏற்றதாகக் கொண்டு பணியாணை அனுப்புவோம்.

இப்படிக்கு,
செயலாளர்,
குடியிருப்பு உரிமையாளர்கள் நலச் சங்கம்

நகல்: தலைவர், பொருளாளர்