கொக்கித் தராசு

நாச்சியார்கோயில் ரோட்டில் இருந்த மாமாவின் காயலான் கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. வேப்பமரத்தில் தொங்கிய சைக்கிள் ரிம்தான் அடையாளம். பிளஸ் டூ முடித்துவிட்டுச் சும்மா திரிந்த என்னை அம்மா அங்கே கொண்டுபோய் விட்டாள்.

முதல் மாதம் காந்தத்தைக்கூடத் தொட விடவில்லை. "காந்தம் இரும்பைத்தான் காட்டும். மத்ததுக்கு என்ன பண்ணுவே?" கண்ணை மூடச் சொல்லிக் கையில் ஒவ்வொன்றாக வைப்பார். அலுமினியம் சொல்லாமலே தெரிந்துவிடும். செம்பையும் பித்தளையையும் எடையில் பிரிக்க எனக்குக் கடைசிவரை வரவில்லை. அதற்கு அரம் இருக்கிறது: ஓர் இழுப்பு இழுத்தால் செம்பு சிவக்கும், பித்தளை மஞ்சளாய்ப் பல்லிளிக்கும். மேட்டூர் திறந்து ஆற்றில் தண்ணீர் வரும் சமயம், வயக்காட்டுப் பழுது மோட்டார்கள் எல்லாம் கடைக்கு வரும். செம்பு நிறத்தில் மினுக்கும் காயில் கம்பியைக் கத்தியால் கீறுவார். உள்ளே வெள்ளையாக இருந்தால், "அலுமினியத்துக்கு வேஷம் கட்டியிருக்கான்" என்று சிரிப்பார்.

ஆனால் அவருடைய பெருமை காதுதான். வெண்கலப் பானையை உள்ளங்கையில் தாங்கி, சுண்டுவிரல் முட்டியால் ஒரு தட்டு. பிறகு எண்ணுவார். "பித்தளை மூணுல வாயை மூடிக்கும். வெண்கலம் பதினஞ்சு வரைக்கும் பேசும்டா." கொஞ்ச நாளாக எட்டு, ஒன்பதிலேயே எண்ணுவதை நிறுத்திவிட்டார். பாத்திரத்தில் விரிசல் என்று நினைத்துக்கொண்டேன். எல்லாப் பாத்திரத்திலுமா விரிசல் இருக்கும்? அப்போது தோன்றவில்லை.

ஆடி மாதத்தில் ஒரு அம்மா ஆட்டோவில் சாக்கு மூட்டையோடு வந்து இறங்கினார். திருவாரூர்ப் பக்கம். தாயார் இறந்து வருஷம் திரும்பியிருந்தது, வீட்டை விற்கிறார்கள். தவலை, அடுக்கு, கால் உடைந்த குத்துவிளக்கு எல்லாம் சீக்கிரம் முடிந்தன. அடியில் ஓர் ஈயச்சொம்பு, ரசம் வைத்து வைத்து உள்ளே கறுத்துப்போனது.

மாமா அதைக் கையில் ஏற்றி இறக்கினார். விளிம்பைக் காதோரம் கொண்டுபோய்க் கட்டைவிரலால் மெல்ல வளைத்தார். சுத்த வெள்ளீயம் வளையும்போது முனகும். உப்புக் கல்லைக் கடித்தது மாதிரி ஒரு நறநறப்பு. காரீயம் கலந்தால் அந்தச் சத்தம் மங்கிவிடும்.

"கலப்படம்மா. காரீயம் சேர்ந்திருக்கு. இதுல சமைக்கக்கூடாது. விலையும் பெருசா வராது."

அந்த அம்மா முகம் மாறியது. "எங்கம்மா அறுபது வருஷமா இதுலதான் ரசம் வெச்சாங்க, அண்ணே..."

மூன்றடி தள்ளி நின்ற எனக்கு அது முனகியது கேட்டிருந்தது. தெளிவாகவே. பித்தளையைப் போலப் பல மடங்கு விலை போகிற சரக்கு. மாமா ஏமாற்றுகிறார் என்றுதான் முதலில் நினைத்தேன், ஒளிப்பானேன். ஆனால் ஏமாற்றுகிறவர் இன்னொரு தரம் வளைத்துப் பார்க்க மாட்டார். அவர் வளைத்தார். மறுபடியும் நறநறத்தது. அவர் கண் என் பக்கம் வந்தது.

வாடிக்கையாளர் முன்னால் என்ன சொல்வது? "மாமா, தண்ணியில தூக்கிப் பாக்கட்டுமா?" என்றேன்.

அவர் சொல்லிக்கொடுத்த வித்தைதான். சொம்பைக் கம்பியில் கட்டிக் கொக்கித் தராசில் மாட்டினேன்: 730 கிராம். அப்படியே வாளித் தண்ணீரில், காற்றுக்குமிழி தங்காமல் சாய்த்து முழுக்கினேன்: 630. நூறு குறைந்தது, எடையில் ஏழில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் கீழே. காரீயம் கலந்திருந்தால் இவ்வளவு குறையாது.

மாமா முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொம்பை வாங்கி, தன் துண்டால் ஈரம் துடைத்து, அந்த அம்மாவிடம் நீட்டினார்.

"தப்பாச் சொல்லிட்டேன்மா. சுத்த வெள்ளீயம். வித்தா நல்ல விலை தர்றேன். ஆனா இந்த மாதிரி கைவேலை இனிமே கிடைக்கிறது கஷ்டம்."

"நானே வெச்சுக்கிறேன்."

"வெறுஞ்சொம்பா அடுப்புல ஏத்திராதீங்க. உருகி ஊத்திரும்."

ஆட்டோ போன பிறகு அவர் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. இருவரும் மூட்டையைப் பிரித்து அடுக்கினோம்.

விளக்கு வைக்கிற நேரத்தில் ஒரு பையன் கைமணி ஒன்றைக் கொண்டுவந்தான், நாக்கு விழுந்துபோனது. மாமா அதைத் தலைப்பில் பிடித்துத் தட்டினார். உதடு அசைந்தது, நாலில் நின்றது.

"எண்ணுடா" என்றார், என்னைப் பார்க்காமல்.

சத்தமாக எண்ணினேன். பதினொன்று வரை வந்தது. மாமா தலையசைத்து, மணியை வெண்கலக் கோணியில் போட்டார்.