சமையலறை நடைமுறை: கதவைத் திறப்பதிலிருந்து பூட்டும் வரை

இது நம் ஐந்து பேர் சமையலறைக்கானது. மாஸ்டர், உதவிச் சமையலர், காய்கறி வெட்டுபவர், பாத்திரம் கழுவுபவர், கவுண்டரில் நிற்பவர். ஒவ்வொரு படிக்கும் யார் பொறுப்பு என்று அங்கேயே எழுதியிருக்கிறேன். "யாராவது பார்த்துக்கொள்வார்கள்" என்று விட்ட வேலையை யாருமே பார்ப்பதில்லை, அதனால்தான். பொறுப்பாளர் வராத நாளில் அந்த வேலையை யார் எடுக்கிறார் என்று மாஸ்டர் காலையிலேயே பலகையில் எழுதிவிட வேண்டும். மாஸ்டரே வராவிட்டால் அவர் இடத்தில் உதவிச் சமையலர். படிகளின் எண்கள் வரிசையாகப் போகும், "11வது படி" என்று சொன்னால் எல்லோருக்கும் ஒன்றே புரிய வேண்டும்.

திறக்கும்போது

1. கதவைத் திறந்ததும் கேஸ் வாடை வருகிறதா என்று பாருங்கள். வந்தால் எந்த ஸ்விட்சையும் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். சிலிண்டர் வால்வை மூடி, கதவு ஜன்னல்களைத் திறந்துவிட்டு, எல்லோரும் வெளியே வந்து, அங்கிருந்து போன் செய்யுங்கள். பொறுப்பு: முதலில் வருபவர், அது யாராக இருந்தாலும்.

2. பிரிட்ஜ், ஃப்ரீசர் வெப்பநிலையைப் பார்த்து நோட்டில் எழுதுங்கள். பிரிட்ஜ் 5 டிகிரி அல்லது அதற்குக் கீழே, ஃப்ரீசர் மைனஸ் 18 அல்லது அதற்குக் கீழே. கூடுதலாக இருந்தால் உள்ளே இருப்பதில் எதையும் எடுத்துச் சமைக்காமல் முதலில் மாஸ்டரிடம் சொல்லுங்கள். பொறுப்பு: உதவிச் சமையலர்.

3. திங்கட்கிழமை தோறும் தெர்மாமீட்டரைச் சோதியுங்கள். டம்ளர் நிறைய நொறுக்கிய ஐஸ் போட்டு, இடைவெளி நிரம்பும் அளவு மட்டும் தண்ணீர் ஊற்றி, கம்பி அடியையோ பக்கத்தையோ தொடாமல் நடுவில் நிற்கும்படி இரண்டு நிமிடம் வையுங்கள். 0 காட்ட வேண்டும். ஒரு டிகிரிக்கு மேல் தவறினால் அதை எடுத்து வைத்துவிட்டு மாற்றுத் தெர்மாமீட்டரைச் சோதித்துப் பயன்படுத்துங்கள். பொறுப்பு: மாஸ்டர்.

4. வாந்தியோ வயிற்றுப்போக்கோ இருந்தால் வேலைக்கு வர வேண்டாம். நின்ற பிறகும் 48 மணி நேரம் வர வேண்டாம். போன் செய்து சொன்னால் போதும், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். பொறுப்பு: அவரவர்.

5. கை கழுவுவது சோப்பு போட்டு 20 விநாடி, கை கழுவும் சிங்கில் மட்டும். வேலை தொடங்கும் முன், கழிப்பறை போய் வந்ததும், பச்சை இறைச்சி, மீன், முட்டை தொட்டதும், குப்பை, போன், பணம், முகம் தொட்டதும். கையுறை போட்டிருந்தாலும் இதே விதிதான், கையுறையை மாற்றும்போது கையையும் கழுவ வேண்டும். பொறுப்பு: எல்லோரும். கவனிப்பவர்: மாஸ்டர்.

சரக்கும் வெட்டும் வேலையும்

6. சரக்கு வந்ததும் குளிர்ந்த பொருள்களை முதலில் அளந்து பாருங்கள். 5 டிகிரிக்கு மேல் இருந்தாலும், உறைந்தது இளகியிருந்தாலும், டப்பா உப்பியிருந்தாலும் திருப்பி அனுப்புங்கள். பழைய சரக்கு முன்னால், புதியது பின்னால். பொறுப்பு: உதவிச் சமையலர்.

7. பிரிட்ஜில் சமைத்ததும் சமைக்காமல் சாப்பிடுவதும் மேல் தட்டில், பச்சை இறைச்சி மூடிய பாத்திரத்தில் கடைசித் தட்டில். இடம் இல்லை என்று மாற்றி வைக்காதீர்கள், ஒரு சொட்டு கீழே ஒழுகினால் போதும். பொறுப்பு: காய்கறி வெட்டுபவர்.

8. சிவப்புப் பலகை பச்சை இறைச்சிக்கு, நீலம் மீனுக்கு, பச்சை நிறம் காய்க்கு. கத்தியும் அப்படியே. உறைந்ததை முந்தைய நாளே பிரிட்ஜுக்குள் வைத்து இளக்குங்கள், மேடையில் வைத்து இளக்க வேண்டாம். பொறுப்பு: காய்கறி வெட்டுபவர்.

சமைப்பதும் சூடாக வைப்பதும்

9. இறைச்சியின் மிகத் தடித்த இடத்தில், எலும்பைத் தொடாமல் கம்பியைக் குத்தி அளந்தால் 75 டிகிரி வர வேண்டும். நிறத்தைப் பார்த்து "வெந்துவிட்டது" என்று முடிவு செய்யக்கூடாது. பொறுப்பு: மாஸ்டர்.

10. பரிமாறும் வரை 60 டிகிரிக்கு மேலேயே வைத்திருங்கள், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அளந்து எழுதுங்கள். கீழே இறங்கி எவ்வளவு நேரம் ஆனது என்று தெரியாவிட்டால் கொட்டிவிட வேண்டியதுதான். பொறுப்பு: உதவிச் சமையலர்.

ஆறவைப்பது

இதை மட்டும் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். கொதிக்க வைத்தால் எல்லாக் கிருமியும் செத்துவிடும் என்று நினைக்கிறோம், ஆனால் சில கிருமிகளின் வித்துகள் கொதியையும் தாங்கும், உணவு மெதுவாக ஆறும்போது முளைத்துப் பெருகும், அவற்றில் சில விடும் நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. பெரிய பாத்திரத்தை அப்படியே பிரிட்ஜுக்குள் தள்ளினால் ஓரம் ஆறும், நடுப்பகுதி பல மணி நேரம் வெதுவெதுப்பாகவே இருக்கும், பக்கத்தில் இருப்பதும் சூடாகும்.

11. அடுப்பிலிருந்து இறக்கியதும் 5 சென்டிமீட்டர் உயரத்துக்கு மேல் போகாமல் அகலத் தட்டுகளில் பிரித்து ஊற்றுங்கள். குழம்பு மாதிரி நீர்த்தது என்றால் பாத்திரத்தை ஐஸ் தண்ணீரில் உட்காரவைத்துக் கிளறிக்கொண்டே இருங்கள். இறுக மூட வேண்டாம். 60 டிகிரிக்கு இறங்கிய நேரத்தை எழுதுங்கள், கணக்கு அங்கிருந்துதான். பொறுப்பு: உதவிச் சமையலர்.

12. இரண்டு மணி நேரத்துக்குள் 21 டிகிரிக்கு வர வேண்டும். வரவில்லை என்றால் அப்போதே 75 வரை சூடாக்கி, இன்னும் சின்னத் தட்டுகளில் பிரித்து மறுபடி ஆறவைக்கலாம், ஒரே ஒருமுறை. இரண்டாவது முறையும் தவறினால் குப்பைக்கு. பொறுப்பு: உதவிச் சமையலர், முடிவு எடுப்பவர் மாஸ்டர்.

13. அடுத்த நான்கு மணி நேரத்துக்குள், பிரிட்ஜில், 5 டிகிரிக்கு. அப்புறம் மூடி, பெயர், செய்த தேதி, நேரம், செய்தவர் பெயர் எழுதிய ஸ்டிக்கர் ஒட்டுங்கள். செய்த நாளையும் சேர்த்து மூன்று நாள், அதற்கு மேல் வைப்பதில்லை. ஸ்டிக்கர் இல்லாத டப்பா எதுவாக இருந்தாலும் கொட்டப்படும், யார் செய்தது என்று கேட்கப்போவதில்லை. பொறுப்பு: உதவிச் சமையலர்.

14. மறுபடி சூடாக்குவது ஒருமுறைதான், நடுவில் 75 வர வேண்டும். மிஞ்சியதைத் திரும்ப பிரிட்ஜில் வைக்க வேண்டாம். பொறுப்பு: மாஸ்டர்.

ஒவ்வாமை

15. வாடிக்கையாளர் "இதில் வேர்க்கடலை இருக்கிறதா", "பால் சேர்த்திருக்கிறீர்களா" என்று கேட்டால் கவுண்டரில் இருப்பவர் தானாகப் பதில் சொல்லக்கூடாது, தெரிந்த பதிலாக இருந்தாலும் சரி. சீட்டில் எழுதி மாஸ்டரிடம் கொடுத்து, அவர் சொல்வதைத்தான் சொல்ல வேண்டும். மாஸ்டருக்கே உறுதியில்லை என்றால் "கொடுக்க முடியாது" என்று பணிவாகச் சொல்லிவிடுங்கள். பொறுப்பு: கவுண்டர், மாஸ்டர்.

16. அந்த ஆர்டருக்குக் கழுவிய பலகை, கத்தி, வாணலி, கரண்டி, புது எண்ணெய். தட்டை மற்ற தட்டுகளோடு சேர்க்காமல் தனியாகக் கொண்டுபோங்கள். பொறுப்பு: மாஸ்டர்.

தீ

17. எண்ணெய் பற்றினால் தண்ணீர் ஊற்றவே கூடாது, பாத்திரத்தை நகர்த்தவும் கூடாது. கிட்டே போக முடிந்தால் கேஸை மூடி, மூடியாலோ தீப்போர்வையாலோ மூடி அப்படியே விடுங்கள். அடங்கவில்லை என்றால் எல்லோரும் வெளியே. பொறுப்பு: அடுப்பருகில் இருப்பவர், ஆள் எண்ணிப் பார்ப்பது கவுண்டர்.

மூடும்போது

18. முதலில் எச்சில் வழித்து, சோப்பில் கழுவி, அலசி, அப்புறம்தான் கிருமிநாசினி. அழுக்கின் மேல் ஊற்றினால் வேலை செய்யாது. குளோரின் கரைசல் 100 பிபிஎம், சோதனைத் தாளில் பார்த்து, தினமும் புதிதாக. ப்ளீச்சோடு வேறு எந்தத் திரவத்தையும் கலக்க வேண்டாம், அமிலமோ அமோனியாவோ சேர்ந்தால் நச்சு வாயு வரும். துணியால் துடைக்காமல் காற்றில் உலரவிடுங்கள். பொறுப்பு: பாத்திரம் கழுவுபவர்.

19. குப்பை வெளியே, தொட்டியும் கழுவ வேண்டும். தரை கடைசியில். பொறுப்பு: பாத்திரம் கழுவுபவர்.

20. கேஸ் வால்வு, அடுப்பு, பிரிட்ஜ் கதவு மூன்றையும் கையால் தொட்டுப் பார்த்து, நோட்டில் கையெழுத்திட்டுப் பூட்டுங்கள். பொறுப்பு: மாஸ்டர்.

நோட்டு

21. அளக்காத இடத்தைக் காலியாக விடுங்கள். பிறகு உட்கார்ந்து ஊகித்து நிரப்பிய எண் காலி இடத்தைவிட மோசம், யாராவது அதை நம்பி ஒரு தட்டைக் கொடுத்துவிடலாம். பொறுப்பு: எழுதுபவர், வாரக் கடைசியில் பார்ப்பவர் மாஸ்டர்.

22. ஏதாவது படி நடைமுறையில் சரிவரவில்லை என்றால் தாண்டிப் போகாமல் மாஸ்டரிடம் சொல்லுங்கள். மாற்றினால் பழைய தாளைக் கிழித்துவிட்டு, புதியதை எல்லோரும் படித்துக் கையெழுத்திட்ட பிறகே சுவரில் ஒட்ட வேண்டும். பொறுப்பு: மாஸ்டர்.