பாட்டில்லாத படம்: ‘அந்த நாள்’ திரையிடலுக்கு முன் சில வார்த்தைகள்

வந்திருக்கும் பெரியவர்களுக்கும் அண்ணாச்சிமாருக்கும் கல்லூரிப் பிள்ளைகளுக்கும் வணக்கம்.

இன்று பார்க்கப்போவது 1954-ல் ஏவி.எம். எடுத்த ‘அந்த நாள்’. இயக்கம் எஸ்.பாலசந்தர், ஆம், வீணை பாலசந்தரேதான். அப்பேர்ப்பட்ட சங்கீதக்காரர் எடுத்த படத்தில் ஒரு பாட்டுக் கிடையாது. நடனம், சண்டை எதுவும் கிடையாது. தமிழில் பாட்டே இல்லாமல் வந்த முதல் படம் இதுதான். அன்றைய ஜனங்களுக்கு, இலை போட்டுச் சோறு வைக்காமல் பந்தியிலிருந்து எழுப்பிவிட்ட மாதிரி இருந்திருக்கும். வசூலில் படுத்துவிட்டது. விமர்சகர்கள் மட்டும் அப்போதே பாராட்டினார்கள்.

கதை நடப்பது 1943 அக்டோபரில். சென்னையில் ஜப்பான் குண்டு போட்ட சமயம். முந்தைய வருஷம் ஏப்ரலிலேயே, ஜப்பான்காரன் வருகிறான் என்று பாதிப் பட்டணம் மூட்டை கட்டிக் கிளம்பியிருந்தது. அந்தக் கிலி மனதில் இருந்தால்தான், ரேடியோ இன்ஜினியர் ராஜனின் சாவு ஏன் வெறும் குடும்பச் சண்டையாக நின்றுவிடவில்லை என்பது பிடிபடும்.

ராஜனாக வரும் சிவாஜி தொடக்கத்திலேயே சுடப்பட்டுவிடுவார். மற்றதெல்லாம் பிறர் வாய்வழி. ஆளுக்கொரு கதை சொல்வார்கள், ஆளுக்கொருவரைக் கைகாட்டுவார்கள். ஜப்பானிய இயக்குநர் அகிரா குரோசவாவின் ‘ரஷோமான்’ படம் தந்த தூண்டுதல் இது. ஆனால் அப்படியே எடுத்த நகல் இல்லை. அங்கே உண்மை எது என்பது கடைசிவரை ஆடிக்கொண்டிருக்கும். இங்கே ஒரு விடை உண்டு, அதை நான் சொல்லப்போவதில்லை.

சிவாஜியைக் கூர்ந்து கவனியுங்கள். தம்பி சொல்லும் ராஜன் வேறு, மனைவி சொல்லும் ராஜன் வேறு. சொல்பவர் மாற மாற, அதே முகத்தில் குழைவு ஏறும், இறுக்கம் ஏறும். ‘பராசக்தி’ வந்து இரண்டே வருஷம். மடைதிறந்த வசனத்துக்குக் கைதட்டல் வாங்கியவர், இதில் குரலை இறக்கியே பேசுகிறார். மனைவி உஷாவாகப் பண்டரிபாய். விசாரணைக்கு வரும் சி.ஐ.டி. அதிகாரி ஜாவர் சீதாராமன், எழுத்தும் அவருடையதே. மாருதி ராவின் கேமரா வெளிச்சத்தைக் கஞ்சமாகத்தான் செலவழிக்கும். இருட்டாக இருக்கிறதே என்று புரொஜெக்டரில் வெளிச்சத்தைக் கூட்டச் சொல்லாதீர்கள். கறுப்பு சாம்பலாக வெளுத்து, நிழலெல்லாம் போய்விடும்.

திரையின் இருபுறமும் கறுப்புப் பட்டை தெரியும். பழுதில்லை. சினிமாஸ்கோப் நம்மூருக்கு வருமுன் எடுத்த 4:3 சட்டம். இழுத்து நிரப்பினால் முகங்கள் பருத்துவிடும்.

துப்பு முழுக்க வசனத்தில் இருக்கிறது. பழைய ஒலித்தடம், கொஞ்சம் இரையும். அதனால் ஸ்பீக்கர் பக்கத்து ஃபேன் இரண்டையும் நிறுத்திவிடுகிறோம். புழுக்கம் தாங்காதவர்கள் ஜன்னலோரம் மாறிக்கொள்ளலாம். படம் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல். சுக்குக்காப்பி இடைவேளையில்தான்.

முதல் நிமிஷத்தைத் தவறவிட்டால் பிறகு தலையும் புரியாது, வாலும் புரியாது. போனை அணைத்துவிடுங்கள், தொடங்கிவிடலாம்.